தொண்டையில் அழுத்தம் குறைவது ஏன்?

கி.பி. 97இல் ரோம் நகரின் தண்ணீர் நிர்வாகம் செக்ஸ்டஸ் ஜூலியஸ் ஃப்ரான்டைனஸ் என்பவரின் கைக்கு வந்தது. பொறுப்பேற்றதும் அவர் கணக்கைக் கையில் எடுத்தார். கால்வாய்கள் எவ்வளவு தண்ணீர் கொண்டுவருகின்றன என்று அரசுப் பதிவேடு ஒன்று சொன்னது. கால்வாய்த் தலைப்பில் அவரே போய் அளந்தால் வேறொரு கணக்கு வந்தது. வீடுகளுக்கும் குளியல் கூடங்களுக்கும் பிரித்துக் கொடுத்ததைக் கூட்டினால் அது எதனோடும் சேரவில்லை. திருட்டு நடக்கிறது என்று முடிவு கட்டினார். வழியில் குழாய் செருகித் தண்ணீர் எடுத்தவர்கள் இருந்தது உண்மைதான். ஆனால் கணக்கு இடித்ததற்கு அது மட்டும் காரணமல்ல. ரோமானியர்களின் அளவு முறையிலேயே ஒரு ஓட்டை இருந்தது. 'குயினாரியா' என்ற அவர்களது அலகு குழாய் வாயின் அளவை மட்டுமே சொன்னது. அந்த வாய் வழியே தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது கணக்கில் சேரவில்லை. வேகமாக ஓடும் தண்ணீர் கூடுதலாகக் கிடைக்கும் என்பது ஃப்ரான்டைனஸுக்குத் தெரிந்திருந்தது. அதை எண்ணாக்கும் வழிதான் அவரிடம் இல்லை.

அந்த வழியைத் தெளிவாக எழுதி அச்சில் தந்தவர் பெனடெட்டோ காஸ்டெல்லி. கலிலியோவின் மாணவரான இவர், ஓடும் நீரை அளப்பது பற்றிய தம் நூலை 1628இல் வெளியிட்டார். ஓடும் தண்ணீரின் அளவு என்பது குறுக்குப் பரப்பையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஓட்டம் நிலையாக இருந்தால், வழியில் எந்த இடத்தில் வெட்டிப் பார்த்தாலும் இந்தப் பெருக்கல் ஒரே விடையைத் தரும். இன்று பொறியியல் மாணவர் எழுதும் தொடர்ச்சிச் சமன்பாடு இதுதான்.

A₁V₁ = A₂V₂

நடுவில் தண்ணீர் புதிதாகப் பிறப்பதில்லை, மறைவதில்லை, எங்கும் தேங்கிப் பெருகுவதும் இல்லை. நிறை அழியாது என்ற விதியைத்தான் இது குழாய்க்கு ஏற்றபடி சொல்கிறது. தண்ணீரின் அடர்த்தி அநேகமாக மாறாது என்பதால் அடர்த்தி சமன்பாட்டில் இல்லை. அழுத்தம் பெரிதாக மாறும் வாயு ஓட்டத்துக்கு அடர்த்தியையும் சேர்த்துப் பெருக்க வேண்டும்.

இதற்கு எடுத்துக்காட்டாக, தோட்டத்து ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அழுத்துவதைச் சொல்வது வழக்கம். அது அரை உண்மை. விரலை வைத்ததும் வெளிவரும் தண்ணீரின் மொத்த அளவும் குறைகிறது. வாளி நிரம்பக் கூடுதல் நேரம் ஆவதைப் பார்த்தாலே தெரியும். ஓட்டம் குறைவதால் நீண்ட குழாயின் உராய்வில் தொலையும் அழுத்தம் குறைகிறது. மிச்சமாகும் அழுத்தம் வாயில் பீய்ச்சலாக மாறுகிறது. விரலை வைப்பதற்கு முன்னும் பின்னும் இருப்பவை இரண்டு வெவ்வேறு ஓட்டங்கள். தொடர்ச்சிச் சமன்பாடோ ஒரே ஓட்டத்தின் இரண்டு இடங்களை ஒப்பிடுவது. இந்த வேறுபாடு மனதில் பதியாவிட்டால், அடுத்து வரும் ஆற்றல் கணக்கும் தடுமாறும்.

இரண்டு சமன்பாடுகளும் ஒன்றையொன்று கைகோத்து வேலை செய்வதைப் பார்க்க வெஞ்சுரி மீட்டரைவிடப் பொருத்தமான கருவி இல்லை. குழாயின் நடுவே சற்றே ஒடுங்கி, ஒரு குறுகிய 'தொண்டை'யைக் கடந்து, மெல்ல விரிந்து, பழைய விட்டத்துக்குத் திரும்பும் ஒரு துண்டு, அவ்வளவுதான். உள்ளே அசையும் பாகம் எதுவும் கிடையாது. ஒடுங்கும் குழாயில் அழுத்தம் குறைவதை 1797இல் ஆய்வு செய்து எழுதியவர் இத்தாலியரான ஜியோவனி பத்திஸ்தா வெஞ்சுரி. அதைத் தண்ணீர் மீட்டராக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் கிளெமென்ஸ் ஹெர்ஷெல்; காலம் 1880களின் பிற்பகுதி. மாசசூசெட்ஸில் ஹோலியோக் என்ற ஆலை நகரம். அங்கே ஆலைகளுக்கு நீர்விசையை விற்றுவந்த நிறுவனத்தில் அவர் நீரியல் பொறியாளர். யார் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறார்கள் என்பது அங்கே நேரடியாகப் பணக் கணக்கு. தம் கருவிக்கு அவர் வெஞ்சுரியின் பெயரையே வைத்தார். இன்னொரு சுவாரசியம்: ஃப்ரான்டைனஸின் நூலை லத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1899இல் வெளியிட்டவரும் இதே ஹெர்ஷெல்தான்.

இப்போது ஒரு மீட்டரை எடுத்துக்கொள்வோம். குழாயின் விட்டம் 200 மி.மீ., தொண்டையின் விட்டம் 100 மி.மீ. விநாடிக்கு 30 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது. குழாயின் பரப்பு 0.0314 சதுர மீட்டர். ஆகவே அங்கே சராசரி வேகம் விநாடிக்கு 0.955 மீட்டர். விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்காகும்; தொண்டையில் வேகம் நான்கு மடங்காகி 3.82 மீட்டர் ஆகிறது. இதுவரை தொடர்ச்சிச் சமன்பாடு போதும்.

அடுத்த கேள்வியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தண்ணீரை இவ்வளவு வேகப்படுத்தியது யார்? 'வேகம் கூடினால் அழுத்தம் குறையும், அதுதான் பெர்னூலி' என்று மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள், வேகத்தைக் காரணமாகவும் அழுத்தக் குறைவை அதன் விளைவாகவும் எண்ணிக்கொள்கிறார்கள். தண்ணீர்த் துணுக்குக்கு நியூட்டன் விதியிலிருந்து விலக்கு ஏதுமில்லை. அது வேகமெடுக்க வேண்டுமானால் ஒரு விசை அதை முன்னோக்கித் தள்ள வேண்டும். கிடைமட்டக் குழாயில், உராய்வை ஒதுக்கிவிட்டால், அப்படித் தள்ளக்கூடியது அழுத்த வேறுபாடு ஒன்றுதான். துணுக்கின் முதுகுப்புறம் அழுத்தம் அதிகம், முகப்புறம் குறைவு. அதனால் அது முன்னால் பாய்கிறது. தொண்டையில் அழுத்தம் குறைவாக இருப்பதால்தான் தண்ணீரால் அங்கே அவ்வளவு வேகத்தோடு போய்ச் சேர முடிகிறது.

இதையே எழுத்தில் வைத்தால் இரண்டே வரி. துணுக்கின் முகப்பரப்பு A, நீளம் ds என்க. அதன் நிறை ρA ds. அதன் மீதான நிகர விசை −A dp. நிலையான ஓட்டத்தில் அதன் முடுக்கம் v dv/ds. விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம் என்று எழுதி A-யை அடித்துவிட்டால்:

dp = −ρ v dv

பாதை ஏறி இறங்கினால் எடையின் பங்கையும் சேர்க்க வேண்டும். பிறகு பாதை நெடுகத் தொகையிட்டால்:

p + ½ρv² + ρgz = மாறிலி

டேனியல் பெர்னூலி இந்த உறவை 1738இல் வெளியான தம் நூலில் ஆற்றல் வாதத்தின் வழியே எட்டினார். விசையிலிருந்து தொடங்கும் வழியும், நாம் எழுதும் வடிவமும் லியோனார்ட் ஆய்லருக்கு உரியவை. மூன்று உறுப்புகளும் ஒரு கன மீட்டர் நீருக்கு இத்தனை ஜூல் என்ற கணக்கில் அமைந்தவை. ஒரு பாஸ்கலும் ஒரு கன மீட்டருக்கு ஒரு ஜூலும் ஒன்றே. முதலாவது, அழுத்தம் செய்யும் வேலை. இரண்டாவது இயக்க ஆற்றல். மூன்றாவது உயரத்தால் வரும் நிலை ஆற்றல்.

'நிலையான ஓட்டம் என்கிறீர்கள், பிறகு முடுக்கம் எங்கிருந்து வந்தது?' என்று வகுப்பில் யாராவது கேட்டால் அது நல்ல கேள்வி. நிலையான ஓட்டத்தில் ஒரு இடத்தின் வேகம் நேரத்தோடு மாறாது. தொண்டையில் எப்போது அளந்தாலும் 3.82தான். ஆனால் அந்த இடத்தைக் கடந்துபோகும் துணுக்கு இடத்துக்கு இடம் வேகம் மாறிக்கொண்டே போகிறது. நம் மீட்டரின் ஒடுங்கும் பகுதி, வழக்கமான 21 பாகைக் கோணத்தில் அமைந்திருந்தால், சுமார் 27 செ.மீ. நீளம் இருக்கும். அந்த 27 செ.மீ. தூரத்துக்குள் வேகம் 0.955-லிருந்து 3.82 ஆகிறது. சராசரி முடுக்கம் கணக்கிட்டால் புவியீர்ப்பைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே நடக்காதது போலிருக்கும் குழாய்க்குள் இவ்வளவும் நடக்கிறது.

எண்களை முடித்துவிடுவோம். குழாயில் ½ρv² என்பது 456 பாஸ்கல். தொண்டையில் 7295 பாஸ்கல். கூடிய 6839 பாஸ்கலும் அழுத்தத்திலிருந்து கழிந்திருக்க வேண்டும். தண்ணீர் மட்டமாகச் சொன்னால் 70 செ.மீ.; பாதரச மானோமீட்டரில் சுமார் 5.5 செ.மீ. நடைமுறையில் கணக்கு தலைகீழாகப் போகும். 5.5 செ.மீ. என்று படித்து, 6839 பாஸ்கலாக மாற்றி, இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்து ஓட்டத்தைக் கண்டுபிடிக்கிறோம். தொடர்ச்சி இல்லாமல் பெர்னூலியிடம் இரண்டு தெரியாத வேகங்கள் மிஞ்சும். பெர்னூலி இல்லாமல் தொடர்ச்சியிடம் வேகங்களின் விகிதம் மட்டுமே மிஞ்சும்.

மேலே 'மாறிலி' என்று எழுதினோமே, அது யாருக்கு மாறிலி? பாடநூல்கள் 'ஓட்டக்கோடு நெடுக' என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடும். ஓட்டக்கோடு, அதாவது ஸ்ட்ரீம்லைன், ஒவ்வொரு புள்ளியிலும் அங்குள்ள வேகத்தின் திசையைத் தொட்டபடி செல்லும் கோடு. நிலையான ஓட்டத்தில் துணுக்கு பயணம் செய்யும் பாதையும் அதுவே. நாம் நியூட்டன் விதியை எழுதியது ஒரு துணுக்கின் பாதை நெடுக. ஆகவே அந்த மாறிலியும் அந்தக் கோட்டுக்கே சொந்தம். பக்கத்துக் கோட்டுக்கு வேறு மாறிலி இருக்கலாம். குழாய் ஓட்டத்தில் இருக்கவே இருக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். குழாயின் நடுவில் தண்ணீர் வேகமாகவும் சுவரோரம் மெதுவாகவும் ஓடும். நேரான குழாயில், உயர வேறுபாட்டை விட்டுவிட்டால், ஒரு குறுக்குவெட்டு முழுவதும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றே. அழுத்தம் ஒன்று, வேகம் வெவ்வேறு என்றால் கூட்டுத்தொகை கோட்டுக்குக் கோடு மாறத்தானே வேண்டும்? நடுக்கோட்டில் வேகம் 1.15 என்றும், சுவருக்கு அருகிலுள்ள ஒரு கோட்டில் 0.6 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு கோடுகளிலும் தண்ணீர் அதே 6839 பாஸ்கல் சரிவில் இறங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் v² என்பது 13.68 கூடும். நடுக்கோட்டின் வேகம் தொண்டையில் 3.87 ஆகிறது, ஓரக்கோட்டின் வேகம் 3.75 ஆகிறது. உள்ளே நுழையும்போது ஒன்று மற்றதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம். தொண்டையில் இடைவெளி வெறும் மூன்று சதவீதம்.

எல்லாக் கோடுகளுக்கும் சமமான ஆற்றல் கிடைத்தது. ஏற்கெனவே குறைவாக வைத்திருந்த கோட்டுக்கு அது பெரிய உயர்வு. காற்றுச் சுரங்கங்களில் சோதனைப் பகுதிக்கு முன்னால் ஒரு பெரிய ஒடுக்கம் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: வேகம் எங்கும் ஒரே சீராகிவிடும். வெஞ்சுரி மீட்டரில் சராசரி வேகத்தை வைத்துப் போடும் எளிய கணக்கு உண்மைக்கு மிக நெருங்கி வருவதற்கும் இது துணைநிற்கிறது.

அதே எண்களை எதிர்த்திசையில் ஓட்டினால் விரியும் பகுதியின் சிக்கல் தெரியும். தொண்டையைக் கடந்த தண்ணீர் இப்போது 6839 பாஸ்கல் மேட்டை ஏற வேண்டும். அதற்கு v² குறைந்தபட்சம் 13.68 இருக்க வேண்டும்; அதாவது தொண்டையில் வேகம் 3.70க்குக் குறைவான எந்தக் கோடும், பெர்னூலி கணக்குப்படி, முழு விட்டத்தை எட்டுமுன்னே நின்றுபோகும். சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் உராய்வு வேகத்தைத் தின்றிருக்கும், அங்கே 3.70க்குக் குறைந்த கோடுகள் நிச்சயம் உண்டு. அவை நின்று, பிறகு பின்னோக்கித் திரும்பிச் சுழலும். ஓட்டம் சுவரை விட்டு விலகிவிடும். இதைத் தடுப்பது பக்கத்தில் வேகமாக ஓடும் தண்ணீர்தான்: அது கலந்து, இழுத்து, சோர்ந்த படலத்துக்குத் தன் ஆற்றலில் கொஞ்சம் தருகிறது. அந்தக் கலப்புக்கு நீளம் வேண்டும். ஒடுங்கும் பகுதி 21 பாகையில் சட்டென்று முடிய, விரியும் பகுதி 7 முதல் 15 பாகைக்குள் நீண்டு கிடப்பதற்குக் காரணம் இதுவே. இப்படி ஒரு கோடு இன்னொரு கோட்டுக்கு ஆற்றல் கொடுக்கும் இடத்தில் பெர்னூலி சமன்பாடு செல்லாது என்பதையும் கவனிக்க வேண்டும். சமன்பாட்டை வருவித்தபோது பாகுநிலையை நாம் கணக்கிலேயே எடுக்கவில்லை.

இந்த நீண்ட வாலுக்குப் பலன் உண்டு. தொண்டையில் இறங்கிய அழுத்தத்தின் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது. நிரந்தரமாகத் தொலைவது பெரும்பாலும் 20 சதவீதத்துக்குள் அடங்கும். அதே குழாயில் 100 மி.மீ. துளையிட்ட தட்டை, அதாவது ஆரிஃபிஸ் தட்டை, வைத்தாலும் ஓட்டத்தை அளக்கலாம். விலை குறைவு, இடமும் குறைவு. ஆனால் அதில் காட்டும் அழுத்த வேறுபாட்டில் சுமார் 70 சதவீதம் சுழலில் கரைந்து போய்விடும். பம்பு இரவும் பகலும் ஓடும் இடத்தில் அந்த இழப்பு மின் கட்டணமாக வந்து நிற்கும்.

தேர்வில் அடிக்கடி மதிப்பெண் பறிபோகும் ஓர் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். மீட்டரைச் சாய்வாகவோ செங்குத்தாகவோ பொருத்தி, தொண்டை நுழைவாயைவிட அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கணக்குக் கொடுப்பார்கள். அதே 30 லிட்டர் ஓடினால் தொண்டையில் அழுத்தம், வேகத்துக்காக 6839 பாஸ்கலும் உயரத்துக்காக 4905 பாஸ்கலும் சேர்ந்து, மொத்தம் 11744 பாஸ்கல் குறையும். இரண்டு இடங்களிலும் தனித்தனி அழுத்தமானி வைத்து, ஒவ்வொன்றும் தன் துளையின் மட்டத்திலேயே இருந்தால், இந்த வேறுபாட்டைத்தான் காட்டும். ஆனால் இரண்டையும் இணைக்கும் U வடிவப் பாதரச மானோமீட்டர் அதே 5.5 செ.மீ.தான் காட்டும். அதன் இணைப்புக் குழாய்களிலும் தண்ணீர் நிறைந்திருக்கிறது. தொண்டையிலிருந்து இறங்கும் குழாயில் கூடுதலாக நிற்கும் அரை மீட்டர்த் தண்ணீர், உயரத்தால் வந்த 4905 பாஸ்கலைச் சரியாக ஈடுகட்டிவிடுகிறது. மானோமீட்டர் அளப்பது p + ρgz என்ற கூட்டின் வேறுபாட்டை. அதைப் படித்த பிறகு கணக்கில் மறுபடியும் உயரத்தைச் சேர்ப்பவர்கள் ஒரே உயரத்தை இரண்டு முறை எண்ணுகிறார்கள்.

ஆய்வகத்தில் இந்தக் கருவியைச் சரிபார்க்கும் முறை ஃப்ரான்டைனஸுக்கும் புரிந்திருக்கும்: வெளிவரும் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, மட்டம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று நிறுத்துக்கடிகாரத்தால் அளப்பது. அந்த உண்மையான ஓட்டத்தைச் சமன்பாடு சொன்ன ஓட்டத்தால் வகுத்தால் வருவது வெளியேற்றக் கெழு. நன்றாகச் செய்த வெஞ்சுரிக்கு அது 0.98 அளவில் இருக்கும். 5.5 செ.மீ. என்ற அளவீட்டுக்குச் சமன்பாடு 30 லிட்டர் என்று சொன்னால் தொட்டியில் சுமார் 29.4 லிட்டர் சேரும். குறையும் அந்த இரண்டு சதவீதம் முக்கியமாக உராய்வின் பங்கு: அழுத்தச் சரிவில் கொஞ்சம் வேகமாக மாறாமல் வெப்பமாகிப் போனது.

கெழு 1-ஐத் தாண்டினால் மகிழ வேண்டியதில்லை. சமன்பாடு அனுமதிப்பதைவிட அதிகத் தண்ணீர் ஓடியதாக அர்த்தம். பெரும்பாலும் மானோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டியிருக்கும். முதலில் சந்தேகிக்க வேண்டியது இணைப்புக் குழாய்களில் சிக்கிய காற்று. ஒரு பக்கக் குழாயில் நிற்கும் நீரில் 10 செ.மீ. அளவுக்குக் காற்று புகுந்துகொண்டால் ஏறத்தாழ 10 செ.மீ. தண்ணீர் மட்டத்துக்குச் சமமான பிழை வரும். நம் 70 செ.மீ.யில் அது ஏழில் ஒரு பங்கு. காற்று எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து கெழு கூடவும் செய்யும், குறையவும் செய்யும். வால்வை மூடி ஓட்டத்தை நிறுத்திப் பார்ப்பதே இதற்கான சோதனை: பாதரசத்தின் இரண்டு மட்டங்களும் சமமாகாவிட்டால் காற்று இருக்கிறது, குழாய்களை வடித்துக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் அளவெடுக்க வேண்டும்.

ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே போனால் இன்னொரு தொல்லை வரும். அழுத்த வேறுபாடு ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓட்டம் ஐந்தில் ஒரு பங்காகி விநாடிக்கு 6 லிட்டராகும்போது வேறுபாடு இருபத்தைந்தில் ஒரு பங்காகிறது. 5.5 செ.மீ. பாதரசம் 2.2 மி.மீ. ஆகிவிடும். அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் தவறாகப் படித்தால் ஓட்டத்தில் இருபது சதவீதத்துக்கு மேல் பிழை. அங்கே பாதரசத்தை விட்டுவிட்டு, தண்ணீர் மட்டத்தையே நேராகக் காட்டும் தலைகீழ் U மானோமீட்டருக்கு மாறினால் அதே வேறுபாடு 28 மி.மீ. ஆகத் தெரியும்.

எடுத்த அளவுகளை எல்லாம் மடக்கைத் தாளில், கிடையச்சில் அழுத்த வேறுபாடும் குத்தச்சில் ஓட்டமுமாகக் குறித்தால், புள்ளிகள் அரை என்ற சாய்வுள்ள நேர்கோட்டில் விழ வேண்டும். சின்ன ஓட்டங்களில் மட்டும் புள்ளிகள் கோட்டை விட்டு விலகினால் காற்றையும், படிக்கும் பிழையையும், மானோமீட்டரின் பூஜ்ஜியத்தையும் பார்க்கலாம். எல்லாப் புள்ளிகளும் ஒரே விகிதத்தில் மேலேயோ கீழேயோ இருந்தால் தொட்டியின் பரப்பையும், தொண்டையின் விட்டத்தையும் மறுபடி அளப்பது நல்லது. விட்டத்தில் ஒரு சதவீதம் தவறினால் பரப்பில் அது இரண்டு சதவீதமாகிறது. கெழுவில் நாம் தேடும் உராய்வு முழுவதும் அந்தப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும்.